டொலர் வைப்பில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது? இரண்டு நாட்டு விலைவாசியையும் வைத்து ஒரு கணக்கு

தென்மராட்சி72 | 18 ஜனவரி 2025, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். கத்தாரில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு 2021 டிசம்பரில் ஊரோடு வந்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் 10,000 டொலரை யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டு நாணய வைப்பாகப் போட்டேன். அதில் 5,000 என்னுடையது. மற்ற 5,000 நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவுடையது. ஒரு வருட வைப்பு, 4 சதவீத வட்டி. ஒவ்வொரு டிசம்பரும் வட்டியையும் சேர்த்து அதே வீதத்தில் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். 2024 டிசம்பர் 31இல் கணக்கில் 11,248 டொலர் 64 சதம் இருக்கிறது.

இப்போது அக்கா கேட்கிறா, "தம்பி, என்ர காசு வளர்ந்ததா, தேய்ந்ததா?" என்னால் ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

மச்சான் சொல்கிறார், 200 ரூபாயாக இருந்த டொலர் இப்போது 292, வட்டியும் சேர்த்தால் 64 சதவீத இலாபம் என்று. நான் வேறு மாதிரிப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருட வட்டி 12.5 சதவீதம். அமெரிக்காவில் அந்த மூன்று வருடத்தில் விலைவாசி 13 சதவீதம் ஏறியிருக்கிறது. இங்கே 60 சதவீதம். இரண்டையும் கழித்தால் 60 சதவீதத்துக்கு மேல் நட்டம் வருகிறது. அவர் சொல்வதும் நம்ப முடியவில்லை, நான் போட்டதும் நம்ப முடியவில்லை. எங்கே பிழை?

பருத்தித்துறை_ரவி | 18 ஜனவரி, காலை 8.25

அண்ணா, இரண்டு பணவீக்கத்தையும் கழிக்கக் கூடாது. ஒரு நாட்டில் விலைவாசி கூட ஏறினால் அந்த நாட்டுக் காசு அந்த அளவுக்கு விழும். இலங்கையில் 60, அங்கே 13 என்றால் அந்த வித்தியாசத்துக்கு ரூபாய் விழுந்துவிட்டது, கணக்கு சமன். அதனால் நீங்கள் அமெரிக்க விலைவாசியை மட்டும் பார்த்தால் போதும். 12.5இலிருந்து 13.2 போனால் அரை சதவீதம் அளவில் நட்டம். உங்களுக்கும் அக்காவுக்கும் ஒரே பதில்தான். இதில் பெரிதாகப் போட்டுக் குழப்ப ஒன்றும் இல்லை.

சுமதி_நெல்லியடி | 18 ஜனவரி, காலை 9.02

இப்போது டொலர் வைப்புக்கு எந்த வங்கி கூட வட்டி தருகிறது என்று யாராவது சொல்வீர்களா? என்னுடையது அடுத்த மாதம் முதிர்வடைகிறது.

ஓய்வு_வங்கியாளர் | 18 ஜனவரி, முற்பகல் 11.15

தென்மராட்சித் தம்பிக்கு. வங்கியில் வெளிநாட்டு நாணயப் பிரிவில் 27 வருடம் இருந்தவன் நான். இந்தக் கேள்வியோடு வாடிக்கையாளர்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, இந்தக் காசை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள் என்பது. விலைவாசியைக் கழிப்பது எதற்கு? அன்று இந்தக் காசுக்கு வாங்கக் கூடியதாக இருந்ததை இன்று வாங்க முடியுமா என்று பார்க்கத்தானே. ஒருவர் ஒரு ரூபாயை இரண்டு ஊர்க் கடையில் செலவழிக்க முடியாது. அக்கா நியூ ஜெர்சியில் செலவழிக்கிறா என்றால் அவவுக்கு அமெரிக்க விலைவாசி மட்டும்தான். நாணய மாற்று வீதம் அவவின் கணக்குக்குள் வரவே வராது. நீங்கள் ஊரில், சாவகச்சேரியில் செலவழிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இலங்கை விலைவாசி மட்டும். ஆனால் டொலரை ரூபாயாக மாற்றித்தான் செலவழிக்க முடியும், ஆகவே மாற்று வீதமும் வரும். ஒரே வைப்புக்கு இரண்டு விடை, இரண்டும் சரி.

அக்காவின் கணக்கு சுலபம். அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண் 2021 டிசம்பரில் 278.802. 2024 டிசம்பரில் 315.605, மூன்று நாளைக்கு முன்னர்தான் வெளியிட்டார்கள். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.132. அதாவது அன்று 10,000 டொலருக்கு வாங்கியதை வாங்க இன்று 11,320 வேண்டும். கையில் இருப்பது 11,249. 71 டொலர் குறைகிறது. அவவின் பாதிக்கு முப்பத்தைந்து டொலர் அளவில்தான் தேய்வு. அந்த மூன்று வருட அமெரிக்க விலைவாசிக்கு இது மோசமில்லை.

உங்கள் கணக்கு. 2021 முடிவில் மத்திய வங்கி கொடுத்த வீதம் 200.43. 10,000 டொலர் என்பது 20 இலட்சத்து 4 ஆயிரத்து 300 ரூபாய். 2024 முடிவில் 292.58. 11,248.64 டொலர் என்பது 32 இலட்சத்து 91 ஆயிரம். மச்சான் சொன்ன 64 சதவீதம் இதுதான். அது பிழையான எண் இல்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்ட எண்.

இனி விலைவாசி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 டிசம்பரில் வருடப் பணவீக்கம் 57.2 சதவீதம், 2023 டிசம்பரில் 4.0, 2024 டிசம்பரில் 1.7 சதவீதம் குறைவு. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 1.572 × 1.04 × 0.983, விடை 1.607. அன்று 20 இலட்சத்து 4 ஆயிரத்துக்கு வாங்கியதை இன்று வாங்க 32 இலட்சத்து 21 ஆயிரம் வேண்டும். உங்களிடம் இருப்பது 32 இலட்சத்து 91 ஆயிரம். மிச்சம் 70 ஆயிரம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 2 சதவீதத்துக்குச் சற்று மேல். 64ஆகத் தெரிந்தது 2தான்.

பருத்தித்துறை_ரவி | 18 ஜனவரி, மதியம் 12.10

ஐயா, ஒன்று மைனஸ் அரை, மற்றது பிளஸ் 2. கிட்டத்தட்ட ஒன்றுதானே? நான் சொன்னதும் அதுதான்.

ஓய்வு_வங்கியாளர் | 18 ஜனவரி, மாலை 5.30

தம்பி ரவி, இந்த மூன்று வருடத்தை முழுதாக எடுத்ததால் உங்கள் விதி தப்பிவிட்டது. நடுவில் நிறுத்திப் பாருங்கள்.

2022 டிசம்பர் முடிவு. வீதம் 363.11. வைப்பு 10,400 டொலர். ரூபாயில் 37 இலட்சத்து 76 ஆயிரம். விலைவாசியை ஈடுகட்ட வேண்டியது 31 இலட்சத்து 51 ஆயிரம். ஆறேகால் இலட்சம் மிச்சம், கிட்டத்தட்ட 20 சதவீதம் உண்மை இலாபம். அதே நாளில் அக்காவுக்கு? அமெரிக்கச் சுட்டெண் 296.797க்கு வந்துவிட்டது, ஏற்றம் 6.45 சதவீதம், வட்டி 4. இரண்டு சதவீதத்துக்கு மேல் நட்டம். ஒரே வைப்பு, ஒரே நாள், இடையில் 22 சதவீதப் புள்ளி.

உங்கள் விதிப்படி அன்று டொலர் எங்கே நின்றிருக்க வேண்டும் என்றும் போட்டுப் பார்க்கலாம். இங்கே விலை 1.572 மடங்கு, அங்கே 1.0645 மடங்கு. 200.43 × 1.572 ÷ 1.0645, 296 ரூபாய் வருகிறது. நின்றது 363இல். 67 ரூபாய் கூட. அதே கணக்கை 2024 முடிவுக்குப் போட்டால் 284.50 அளவில் வருகிறது. நின்றது 292.58இல், 8 ரூபாய்தான் கூட.

விலைவாசி வித்தியாசத்தை மாற்று வீதம் துரத்திக்கொண்டுதான் போகும், அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் நமக்கு வேண்டிய நாளில் அது பிடித்திருக்கும் என்று ஒரு உறுதியும் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்காமல் சந்தைக்கு விட்டதும் டொலர் பாய்ந்து முன்னே போனது, பிறகு விலைவாசி ஏறி ஏறிக் கிட்ட வந்தது, 2023இலும் 2024இலும் டொலரே திரும்பி இறங்கியது. இரண்டு நாட்டுப் பணவீக்கமும் சேர்ந்து வரும் இடம் இந்த இடைவெளிதான். மடங்கில் சொன்னால், தென்மராட்சித் தம்பியின் உண்மை இலாபம் = அக்காவின் உண்மை இலாபம் × இந்த இடைவெளி மாறிய அளவு. 2022இல் அந்த மாற்றம் 363.11 ÷ 296, அதாவது 1.227 மடங்கு, இப்போது 1.028. கணிப்பானில் 0.994 × 1.028 போடுங்கள், 1.022 வரும். அதே 2 சதவீதம்.

கீதா_மட்டக்களப்பு | 18 ஜனவரி, இரவு 8.05

ஐயா எழுதிய அந்த 67 ரூபாயை நான் அடுப்படியில் பார்த்திருக்கிறேன். வீட்டுச் செலவுக் கொப்பி எழுதும் பழக்கம் எனக்கு. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 டிசம்பரில் 2,675 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. போன மாதம் 3,690. உங்கள் வீதத்தால் வகுத்தால் 2021இல் 13 டொலர் 35 சதம், போன மாதம் 12 டொலர் 61 சதம். ரூபாயில் அவ்வளவு ஆட்டம், டொலரில் பெரிய மாற்றம் இல்லை. கப்பலில் வருவது டொலரோடேயே ஏறி டொலரோடேயே இறங்கியிருக்கிறது.

ஆனால் நான் டியூஷனுக்கு வாங்கும் காசை 2022 முழுக்க ஏற்றவே இல்லை. பெற்றோரிடம் கேட்க மனம் வரவில்லை. 2023 தை மாதம்தான் ஏற்றினேன்.

தென்மராட்சி72 | 18 ஜனவரி, இரவு 9.20

கீதா அக்கா சொன்ன பிறகுதான் என் வீட்டு வேலை நினைவுக்கு வருகிறது. மேசனுக்கு 2021 கடைசியில் நாள் கூலி 3,000 கொடுத்தேன். 2022 டிசம்பரில் மதில் கட்ட வந்தவர் 3,500 வாங்கினார். இப்போது பின்பக்க அறைக்குக் கேட்டால் 4,500. டொலரில் போட்டேன். முதலில் 15, பிறகு 9 டொலர் 64 சதம், இப்போது 15 டொலர் 38 சதம். அப்படியென்றால் 2022 டிசம்பரில் டொலரை மாற்றி அறையைக் கட்டி முடித்திருக்க வேண்டுமா?

ஓய்வு_வங்கியாளர் | 19 ஜனவரி, காலை 6.50

கூலியை மட்டும் பார்த்தால் ஆம். அந்த 20 சதவீதம் எங்கேயிருந்து வந்தது என்பதை உங்கள் மேசன் கணக்கே காட்டிவிட்டது. எரிவாயுவும் பருப்பும் மருந்தும் டொலர் விலையோடு போய்விடும். கூலி, டியூஷன், வீட்டு வாடகை எல்லாம் பின்னால் மெதுவாக வரும். அவை வந்து சேரும் வரைக்கும் டொலர் வைத்திருப்பவர் கையில் இலாபம் மாதிரித் தெரியும். அது மேசன் கையிலிருந்தும் கீதா ரீச்சர் கையிலிருந்தும் போனது. அவர்கள் கூலியை ஏற்றியபோது உங்கள் இலாபம் கரைந்தது.

ஆனால் அறை கட்டக் கூலி மட்டும் போதாது. சீமெந்தும் கம்பியும் அந்த நேரம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அவை டொலர் பக்கம் நிற்பவை. அதனால் முழுச் செலவில் மிச்சம் நீங்கள் நினைக்கும் அளவு வந்திருக்காது.

துபாய்_செந்தில் | 19 ஜனவரி, காலை 10.30

நான் தஞ்சாவூர்க்காரன், இருப்பது துபாயில். இதே காலத்தில் எனக்கும் ஒரு டாலர் டெபாசிட் உண்டு, இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குக் கொடுக்கிற எஃப்சிஎன்ஆர். 2021 டிசம்பரில் மூன்று வருடத்துக்குப் போட்டேன், வட்டி 1.5 சதவீதம்தான். 4 சதவீதம் என்று படித்ததும் மனது கஷ்டமாக இருக்கிறது. நானும் இலங்கையில் போட்டிருக்கலாம் போல.

ஓய்வு_வங்கியாளர் | 19 ஜனவரி, மதியம் 1.15

செந்தில் தம்பி, வட்டியை வட்டியோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் கணக்கையும் அதே மாதிரிப் போடுவோம். மூன்று வருடத்தில் டொலர் 1.046 மடங்கு. இந்திய ரூபாய் வீதம் 74.3இலிருந்து 85.6, அது 1.152 மடங்கு. இந்திய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2021 டிசம்பரில் 166.2, 2024 டிசம்பரில் 195.4, அது 1.176 மடங்கு. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் 1.025. தஞ்சாவூரில் செலவழிப்பதானால் இரண்டரை சதவீதம் மிச்சம். தென்மராட்சித் தம்பிக்கு 4 சதவீத வட்டியில் 2.2, உங்களுக்கு 1.5 சதவீத வட்டியில் 2.5.

இன்னொன்று. 4 சதவீதம் சும்மா கொடுக்கவில்லை. 2022 ஏப்ரல் 12இல் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த மாதங்களில் தன் சொந்த டொலரை எடுக்க வங்கிக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கான விலையும் அந்த 4க்குள் இருக்கிறது. விலைவாசிக் கணக்கில் அது தெரியாது.

துபாய்_செந்தில் | 19 ஜனவரி, மதியம் 2.00

நன்றி ஐயா. என் பையன் அமெரிக்காவில் படிக்கப் போவதாகச் சொல்கிறான். அப்போது என் கணக்கு அந்த அக்கா கணக்கு மாதிரி ஆகிவிடும் அல்லவா? 1.046ஐ 1.132 ஆல் வகுத்தால் ஏழரை சதவீதம் நஷ்டம். இதை இன்று வரை நான் யோசித்ததே இல்லை.

கீதா_மட்டக்களப்பு | 19 ஜனவரி, மாலை 4.40

என் சின்னம்மாவின் கணக்கையும் சொல்கிறேன். அவ டொலர் பக்கமே போகவில்லை. ஓய்வூதியப் பணிக்கொடை வந்ததை 2021 டிசம்பரில் ரூபாய் நிலையான வைப்பில் 5.5 சதவீதத்துக்குப் போட்டா. அடுத்த வருடம் 22 சதவீதம் கிடைத்தது. கையில் வந்த வட்டியைப் பார்த்து அவவுக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு 9 சதவீதம். மூன்று வருட வட்டியைக் கூட்டினால் டொலர்க்காரரை விடக் கூட வருகிறதே, அப்போது ரூபாய் வைப்புத்தானே நல்லது?

ஓய்வு_வங்கியாளர் | 19 ஜனவரி, இரவு 7.25

ரீச்சர், வருடம் வருடமாகப் பிரித்துப் போடுங்கள். முதல் வருடம் 1.055 ÷ 1.572, விடை 0.671. நூறு ரூபாயில் 33 ரூபாய் அந்த ஒரு வருடத்தில் போய்விட்டது. இரண்டாம் வருடம் 22 சதவீதத்தில் 5 சதவீத வரி பிடித்த பிறகு 20.9. விலைவாசி 4தான் ஏறியது. உண்மை இலாபம் 16 சதவீதம், நல்ல வருடம். மூன்றாம் வருடம் வரி போக 8.55, விலைவாசியோ குறைந்தது, 10 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 0.86. கடைசி இரண்டு வருடமும் அவ்வளவு நன்றாக இருந்தும் சின்னம்மா 14 சதவீதம் கீழே நிற்கிறா. வட்டி 22 வந்த நேரம் பறிபோனது ஏற்கெனவே பறிபோய்விட்டது.

இங்கே கழித்தல் எப்படி ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழிக்கும் பழக்கம் 4, 5 சதவீதக் காலத்தில் பெரிய பிழை தராது. தென்மராட்சித் தம்பியின் 2022 கணக்கைக் கழித்தலில் போட்டுப் பாருங்கள். டொலர் ஏற்றம் 81, வட்டி 4, மொத்தம் 85. அதில் 57 போனால் 28. வகுத்தால் வந்தது 20. இல்லாத எட்டுப் புள்ளி இலாபமாகத் தெரிகிறது.

பருத்தித்துறை_ரவி | 19 ஜனவரி, இரவு 8.50

அப்படியென்றால் 2022 முடிவில் டொலரை மாற்றி 22 சதவீத ரூபாய் வைப்பில் போட்டவர்தான் வென்றவர். 1.1985 × 1.1625 × 1.104 போட்டேன். 54 சதவீதம் உண்மை இலாபம்!

ஓய்வு_வங்கியாளர் | 19 ஜனவரி, இரவு 9.30

எண் சரி. ஆனால் 2022 டிசம்பரில் நாங்கள் என்ன பயத்தில் இருந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைப்பார்கள், வங்கி வைப்பிலும் கை வைப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 2023 ஜூன் கடைசியில் வங்கிகளை ஐந்து நாள் மூடினார்களே, வைப்பில் கை வைக்கவில்லை என்று தெரியும் வரைக்கும் எனக்கே நித்திரை இல்லை. 363இலிருந்து டொலர் 450 போயிருந்தால் இதே ஆளை முட்டாள் என்றிருப்போம். நடந்து முடிந்த பிறகு போடும் பெருக்கலை வைத்து யாருக்கும் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்மராட்சி72 | 20 ஜனவரி, காலை 7.15

ஐயா, நான் மத்திய வங்கி, புள்ளிவிபரத் திணைக்களப் பக்கங்களில் சுட்டெண்ணை நேரே எடுத்துப் போட்டால் விலைவாசி ஏற்றம் மிகவும் குறைவாக வருகிறது. 60 வரவே இல்லை. எங்கே பிழை விடுகிறேன்?

ஓய்வு_வங்கியாளர் | 20 ஜனவரி, காலை 8.00

2021 டிசம்பருக்கான எண்ணைப் பழைய அட்டவணையில் எடுத்திருப்பீர்கள். கொழும்புச் சுட்டெண் முன்னர் 2013ஐ 100 ஆக வைத்தது, 2023 ஜனவரியிலிருந்து 2021ஐ 100 ஆக வைக்கிறது. பழைய அளவுகோலில் ஒரு முனையும் புதிய அளவுகோலில் மறு முனையும் பிடித்தால் வரும் விடைக்கு அர்த்தம் இல்லை. நான் வருடச் சதவீதங்களைப் பெருக்கியது அதற்காகத்தான். முதல் மாதத்தை 100 என்று வைத்துக்கொண்டு கடைசி மாதத்துக்கு 160.7 போடுங்கள்.

ஒரு அட்டவணை செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு டிசம்பரும் உதவும். B நிரலில் டொலர் இருப்பு, C இல் மாற்று வீதம், D இல் இலங்கை விலை, E இல் அமெரிக்க விலை. இரண்டாம் வரி தொடக்கம், மூன்றாம் வரி முடிவு. முதல் சூத்திரம் உங்களுக்கு, இரண்டாவது அக்காவுக்கு.

```
=(B3*C3)/(B2*C2)/(D3/D2)-1
=(B3/B2)/(E3/E2)-1
```

கீதா_மட்டக்களப்பு | 25 ஜனவரி, காலை 9.10

எனக்கு இன்னும் ஒரு மனக்குறை. கொழும்பு விலையை வைத்துச் சாவகச்சேரி வாழ்க்கையை அளக்கலாமா? 2022 செப்டெம்பரில் மொத்தப் பணவீக்கம் 69.8 என்றபோது உணவுக்கு மட்டும் 94.9 என்றார்கள். வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகும் வீட்டுக்கு அந்த 69.8 பொருந்தாது.

ஓய்வு_வங்கியாளர் | 25 ஜனவரி, முற்பகல் 11.40

நியாயமான குறை. நாடு முழுவதற்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒன்று இருக்கிறது, உணவுக்கு அதில் பங்கு கூட. அதன்படி மூன்று டிசம்பர்களும் 59.2, 4.2, கடைசியில் 2.0 குறைவு. பெருக்கினால் 1.626. அப்படிப் போட்டால் தென்மராட்சித் தம்பியின் 2.2 சதவீதம் 1 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதற்கு மேல் வங்கியில் மாற்றும்போது கிடைப்பது 292.58 இல்லை. அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. உங்களிடம் வாங்கும்போது நாலைந்து ரூபாய் குறைத்துத்தான் தருவார்கள். 288 என்று வைத்தால் கொழும்புச் சுட்டெண்ணிலேயே மிச்சம் அரை சதவீதம்தான். ஆகவே "2 சதவீத இலாபம்" என்று யாரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டாம். காசு தேயாமல் நின்றது, அவ்வளவு சொல்லலாம்.

கண்டி_வீதி | 25 ஜனவரி, மாலை 6.20

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடியிலேயே ஒரு பிரச்சினை தெரிகிறது. எல்லோரும் 200.43 இல் தொடங்குகிறீர்கள். 2021 டிசம்பரில் அந்த விலைக்கு டொலர் எங்கே கிடைத்தது? அது பிடித்து வைத்த விலை. வங்கி வாசலில் இறக்குமதிக் கடிதத்துக்காக நாள் கணக்கில் நின்றவன் நான். வெளிநாட்டுக் காசுக்கு, வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் 240 கொடுத்தார்கள். தென்மராட்சி அண்ணா அன்று டொலரை ரூபாயாக்கியிருந்தால் அவருக்குப் பலர் 240 கொடுத்திருப்பார்கள். 240இல் தொடங்கிப் போடுங்கள். டொலர் ஏற்றம் 1.219, வட்டியோடு 1.371, விலைவாசி 1.607. கிட்டத்தட்ட 15 சதவீத நட்டம். சின்னம்மாவின் ரூபாய் வைப்புக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

ஓய்வு_வங்கியாளர் | 25 ஜனவரி, இரவு 8.45

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் உண்டியல் சட்டத்துக்கு வெளியே நடப்பது. காசு கிடைக்குமா, நடுவில் போகுமா என்ற ஆபத்தும் அந்த 240க்குள் இருந்தது. அதை ஒரு வைப்பாளரின் தொடக்க விலையாக எடுக்க என் கை போகவில்லை. அந்த டிசம்பரில் வெளிநாட்டு உழைப்பாளர் காசுக்கு டொலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அந்த 210ஐ நான் ஒத்துக்கொள்வேன். அப்படிப் போட்டால் இரண்டரை சதவீத நட்டம் வருகிறது.

கண்டி_வீதி | 25 ஜனவரி, இரவு 9.30

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், எனக்கு அது போதாது. கடைக்காரர் பொருளுக்கு விலை போட்டது 200க்கா 240க்கா? அன்றே சந்தை விலையில் ஒரு பங்கு 240இல் இருந்தது. 2022 விலைவாசி ஏற்றத்தை அளக்கும்போது அந்தப் பங்கு ஏற்கெனவே தொடக்க விலைக்குள் இருக்கிறது, மாற்று வீதத்தில் மட்டும் இல்லை.

ஓய்வு_வங்கியாளர் | 25 ஜனவரி, இரவு 10.05

சில பொருளுக்கு அப்படித்தான். எரிபொருளும் எரிவாயுவும் அரசு விலையில் இருந்தன, அவை 200ஐ ஒட்டியே நின்றன. எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் வழி இல்லை. 200க்கும் 240க்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது. இலாபமா நட்டமா என்ற கோடும் அதற்குள்ளேயே விழுகிறது.

தென்மராட்சி72 | 26 ஜனவரி, காலை 8.10

அக்காவோடு நேற்று இரவு கதைத்தேன். "உங்கள் காசு அங்கத்தைய கணக்கில் முப்பத்தைந்து டொலர் தேய்ந்திருக்கிறது" என்றேன். "மூன்று வருடத்துக்கு அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தா. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று சொன்னா. ஓய்வு எடுத்த பிறகு ஊரில் வந்து இருக்கும் எண்ணம் இருக்கிறதாம், இந்தக் காசு அப்போதுதான் வேண்டுமாம். இதைக் கேட்டதும் எனக்குத் திரும்பவும் குழப்பம். அவவின் பாதிக்கு இனி எந்த நாட்டு விலையைப் போடுவது?

என் பாதியில் 2,000 டொலரை இந்த மாதம் மாற்றி மேசனுக்கும் சீமெந்துக்கும் கொடுக்கப் போகிறேன். மிச்சத்தைப் புதுப்பிக்கிறேன். என் மகன் எங்கே படிப்பான் என்று தெரியும் வரை அது டொலராகவே கிடக்கட்டும்.

சுமதி_நெல்லியடி | 26 ஜனவரி, காலை 9.00

நான் வட்டி வீதம்தான் கேட்டு வந்தேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என்னுடையதை அந்தச் சூத்திரத்தில் போட்டேன். என் வைப்பு 2022 ஜூன் மாதம் 360 ரூபாய் வீதத்தில் தொடங்கியது, ஐயா. எனக்கு வரும் விடையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஜூனிலிருந்து விலைவாசியை எப்படி எடுப்பது என்று ஒரு தடவை சொல்லித் தருவீர்களா?

ஓய்வு_வங்கியாளர் | 26 ஜனவரி, காலை 9.40

சொல்கிறேன் மகள். டிசம்பருக்கு டிசம்பர் சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது. 2022 ஜூன் மாதத்துக்கான சுட்டெண்ணைப் பழைய அட்டவணையில் எடுங்கள், அதே அட்டவணையில் 2022 டிசம்பரையும் எடுத்து வகுங்கள். அதற்குப் பிறகு 1.04ஆலும் 0.983ஆலும் பெருக்குங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.